பிப்ரவரி காலையில் 43 டிகிரி, மே மாத இரவில் எவ்வளவு?

"சார், வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். பிப்ரவரியில் ஒரு நாள் காலை 11 மணிக்கு வந்து மெயின் பேனலுக்கு வெப்பக் கேமராவால் தெர்மோகிராஃபி எடுத்தார்கள். கொழுந்தை நறுக்கி உருட்டும் சிடிசி லைனுக்குப் போகிற 250 ஆம்பியர் பிரேக்கரின் வெளி முனையில் ஒய் ஃபேஸ் 43 டிகிரி, மற்ற இரண்டும் 34. பேனல் அருகே காற்று 27. அப்போது ஓடியது 80 ஆம்பியர். 'வாய்ப்பு கிடைக்கும்போது சரிசெய்யவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். 43 எல்லாம் ஒரு சூடா என்கிறார் மேனேஜர். கொழுந்து நிறைய வரும் மாதங்களில் இரவு நேரத்தில் இதே ஃபீடர் 185 ஆம்பியர் வரை போகும். அதுவரை விட்டு வைக்கலாமா?"

விட்டு வைக்க வேண்டாம் தம்பி. மேனேஜரிடம் 43ஐப் பற்றிப் பேசினால் அவர் சொல்வதுதான் சரி என்று தோன்றும், ஏனென்றால் 43 டிகிரி உண்மையிலேயே பெரிய சூடு இல்லை. அவரிடம் நீங்கள் பேச வேண்டியது 80 ஆம்பியரைப் பற்றி.

இணைப்பில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆம்பியர் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. ஆனால் வெப்பநிலை உயர்வு முழுசாக நான்கு மடங்கு ஏறாது. சூடு கூடக்கூட அந்த இடம் காற்றுக்கு வெப்பத்தை இன்னும் வேகமாக விட்டுக்கொடுக்கும் என்பதே காரணம். அதனால் கணக்குப் போடும்போது இருமடி என்று வைக்காமல், அடுக்கு 1.6க்கும் 2க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வது வழக்கம்:

```
ΔT2 = ΔT1 × (I2 / I1)^n      n = 1.6 … 2
```

இதில் ΔT என்பது சுற்றுக் காற்றைவிட ஏறியிருக்கும் உயர்வு, I என்பது ஆம்பியர், n என்பது அந்த அடுக்கு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒய் ஃபேஸ் சுற்றுக் காற்றைவிட 16 டிகிரி உயர்ந்திருக்கிறது. 185ஐ 80ஆல் வகுத்தால் 2.3. அடுக்கு 1.6 என்றால் அந்த 16 டிகிரி உயர்வு 61 ஆகிறது. அடுக்கு 2 என்றால் 86. மே மாத இரவில் பேனல் அறைக்குள் 24 டிகிரி இருந்தால், அந்த முனை 85 முதல் 110 டிகிரிக்குள் எங்கோ நிற்கும். உங்கள் கேபிள் பிவிசி உறை போட்டதாக இருந்தால் அதன் கண்டக்டர் தாங்கும் வெப்பநிலை 70 டிகிரி, எக்ஸ்எல்பிஇ என்றால் 90. நல்ல நிலையில் இருக்கும் மற்ற இரண்டு ஃபேஸ்களையும் இதே கணக்கில் போட்டால் அவை 51லிருந்து 61க்குள் நின்றுவிடும். மேனேஜரிடம் காட்ட வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்தக் கணக்கு அவசரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்வதற்குத்தான், அளந்த எண்ணின் இடத்தில் எழுதுவதற்கு அல்ல. மோசமான இணைப்பின் மின்தடை ஒரே மாதிரி இருக்காது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஆக்சைடு படிந்து கூடிக்கொண்டே போகும். சுமையை இரண்டு மடங்குக்கு மேல் நீட்டிக் கணக்கிடும்போது தவறும் அதே அளவு நீண்டுவிடுகிறது. ரிப்போர்ட்டில் 'அளந்தது' என்று ஓர் எண்ணும், 'முழுச் சுமையில் எதிர்பார்ப்பது' என்று ஒரு வீச்சும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

சர்வே எடுத்தவர்கள் செய்த முதல் பிழை வந்த நேரம். மின் கருவிப் பராமரிப்புக்கான அமெரிக்கத் தர நூல் என்.எஃப்.பி.ஏ 70பி, தெர்மோகிராஃபி எடுக்கும்போது சுற்றில் அதன் பெயரளவுச் சுமையில் குறைந்தது 40 சதவீதமாவது ஓட வேண்டும் என்கிறது. உங்கள் ஃபீடரில் ஓடியது 32 சதவீதம். அந்த அளவில் சூடு தென்பட்டால் அதை நம்பலாம், கோளாறு இருக்கிறது. சூடு தென்படவில்லை என்றால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அன்று 'சரி' என்று டிக் போடப்பட்ட மற்ற ஃபீடர்களில் எத்தனை, 20 சதவீதமும் 10 சதவீதமும் ஓடிக்கொண்டிருந்தன என்று எடுத்துப் பாருங்கள். என் கவலை உங்கள் ஒய் ஃபேஸைவிட அவற்றின் மேல்தான். ஒய் ஃபேஸ் ஆவது தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

தேயிலைத் தொழிற்சாலையில் எல்லா ஃபீடருக்கும் ஒரே உச்ச நேரம் கிடையாது. சாயங்காலம் கொழுந்து வந்து இறங்கியதும் வாட்டும் தொட்டிகளின் ஃபேன்கள் ஓடத் தொடங்கி இரவு முழுக்க ஓடும். கேரளத்தில் உயர் அழுத்த இணைப்புக்கு மாலை 6 மணி முதல் இரவு 10 வரை கட்டணம் அதிகம், 10க்கு மேல் குறைவு. அதனால் முடிந்தவரை சிடிசியை 10க்குப் பிறகே ஏற்றுவார்கள். அதன் பின்னாலேயே டிரையர். காலை 11 மணிக்கு வருகிறவர் பார்ப்பது மிச்சம் ஓடிக்கொண்டிருக்கும் டிரையரையும், சலிப்பதையும், பேக்கிங்கையும்தான். ஒரே வருகையில் முழுப் பேனலையும் முடித்துவிட முடியாது. இரவு 2 மணிக்கு ஒரு சுற்று, பகலில் ஒரு சுற்று என்று பிரித்துக் கேளுங்கள். மாதமும் முக்கியம். நம் பக்கம் பிப்ரவரியில் கொழுந்து குறைவு. ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரையும், மழை விட்ட பிறகு செப்டம்பர், அக்டோபரிலும்தான் லைன் முழுசாக ஓடும்.

ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் பேனலுக்குள் வரும் இன்கமர் பிரேக்கரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் இருக்கும் நாளில் சர்வே எடுத்தால் அந்தப் பிரேக்கரிலும் சேஞ்ச்ஓவர் சுவிட்சிலும் ஓடுவது பூஜ்யம், படத்திலும் அழகாகக் குளிர்ந்தே இருக்கும். ஜூனில் மழையோடு லைன் போய் ஆறு மணி நேரம் ஜெனரேட்டரில் ஓடும்போதுதான் அதன் உண்மை நிலை தெரியவரும், அப்போது பார்க்க ஆள் இருக்காது. சர்வே இரவில் ஒரு மணி நேரம் வேண்டுமென்றே ஜெனரேட்டரில் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு மணி நேரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுமை ஏறியதும் வெப்பநிலை உடனே ஏறிவிடாது. கேபிள் நுனியில் மாட்டும் லக், பேனலுக்குள் ஓடும் பஸ்பார் பட்டை, கேபிள் எல்லாம் கனமான உலோகம், சூடு நிலைக்க நேரம் எடுக்கும். லைன் ஓடத் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் படம் எடுத்தால் குறைத்துத்தான் காட்டும். ஒரே அளவில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எடுங்கள். படம் எடுக்கும் அதே நேரத்தில் இன்னொருவர் கேபிளைச் சுற்றி மாட்டி அளக்கும் டாங் டெஸ்டரை மூன்று ஃபேஸிலும் போட்டு ஆம்பியரைச் சொல்ல வேண்டும். பேனல் முகப்பில் இருக்கும் பழைய ஆம்மீட்டரை நம்ப வேண்டாம்.

அடுத்தது, எத்தனை டிகிரி வந்தால் கோளாறு என்கிற கேள்வி. இதற்கு மூன்று அளவுகோல்கள் இருக்கின்றன. மூன்றையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதி சண்டை வருகிறது.

முதலாவது, பக்கத்து ஃபேஸோடு ஒப்பிடுவது. ஒரே மாதிரிப் பொருள், ஒரே சுமை என்றால் மூன்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் நெட்டா அமைப்பின் அட்டவணை பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி வித்தியாசம் 1 முதல் 3 டிகிரி என்றால் குறை இருக்கலாம், ஆராய வேண்டும். 4 முதல் 15 என்றால் குறை இருக்க வாய்ப்பு அதிகம், நேரம் வாய்க்கும்போது சரிசெய்யலாம். 15க்கு மேல் என்றால் பெரிய கோளாறு, உடனே கவனிக்க வேண்டும். இரண்டாவது, சுற்றுக் காற்றோடு ஒப்பிடுவது. அதே அட்டவணையில் காற்றைவிட 10 டிகிரி வரை லேசான சந்தேகம், 11 முதல் 20 வரை குறை இருக்க வாய்ப்பு அதிகம், 21 முதல் 40 வரை சரிசெய்யும்வரை கண்காணிப்பு, 40க்கு மேல் உடனடி வேலை. உங்கள் 9 டிகிரி வித்தியாசமும் 16 டிகிரி உயர்வும் இரண்டாம் படியில் விழுகின்றன. 'வாய்ப்பு கிடைக்கும்போது' என்று அவர்கள் எழுதியது அட்டவணையை அப்படியே பார்த்துத்தான். அட்டவணையில் தவறில்லை, பார்த்த சுமையில்தான் தவறு. இதே இணைப்பை 185 ஆம்பியரில் பார்த்தால் பக்கத்து ஃபேஸோடு வித்தியாசம் 34க்கும் 48க்கும் நடுவில், காற்றோடு 61க்கும் மேல். இரண்டு கணக்கிலும் கடைசிப் படி.

மூன்றாவது, பொருள் தாங்கும் எல்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது, படித்தவர்களே இதில் விழுந்து பார்த்திருக்கிறேன். பேனல்களுக்கான ஐஇசி 61439 தரம், வெளிக் கேபிள் சேரும் முனைக்கு 70 டிகிரி உயர்வை அனுமதிக்கிறது. உங்கள் மேனேஜரிடம் யாராவது 'எதிர்பார்ப்பு 61தானே, எல்லை 70, பாஸ்' என்று சொல்லக்கூடும். அந்த 70, புதிய பேனலைச் சோதனைக்கூடத்தில் வைத்து அதன் மதிப்பிட்ட மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்க்கும்போது வரும் எல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பேனலில் ஒரு ஃபேஸ் மட்டும் தனியாக ஏறி நிற்பதற்குக் கொடுத்த அனுமதி அல்ல. தவிர, அங்கே சேரும் கேபிளின் உறை தாங்க வேண்டும் என்பது தனியாக நிற்கிற நிபந்தனை. பிவிசி கேபிளுக்கு 85 டிகிரி எல்லையைத் தாண்டியதுதான், 70 டிகிரி உயர்வுக்குள் இருந்தாலும் சரி.

இந்த மூன்றில் எனக்கு எப்போதும் முதலில் பக்கத்து ஃபேஸ்தான். காற்றின் வெப்பநிலையை எங்கே அளந்தோம் என்பதிலேயே ஐந்து டிகிரி மாறிப்போகும், குறிப்பாக டிரையருக்குப் பக்கத்தில் இருக்கும் பேனலில். பக்கத்து ஃபேஸ் அதே பெட்டிக்குள், அதே காற்றில் நிற்கிறது. ஆனால் ஒப்பிடும் முன் மூன்று ஃபேஸ் ஆம்பியரும் ஒன்றா என்று பாருங்கள். ஒய்யில் 110, மற்றவற்றில் 70 என்றால் அது இணைப்பின் குறை அல்ல, சுமைப் பகிர்வின் குறை. படத்திலும் அது தெரியும். இணைப்பு கெட்டிருந்தால் ஒரு புள்ளியில் சூடு உச்சமாக இருந்து கேபிள் வழியாகப் போகப் போகக் குறையும். சுமை அதிகம் என்றால் கேபிள் நீளம் முழுக்க ஒரே சூடு.

அந்த 43 உண்மையான 43தானா என்பதும் பார்க்க வேண்டியது. கேமரா வெப்பநிலையை அளப்பதில்லை, கதிர்வீச்சை அளந்து கணக்கிடுகிறது. கறுப்பு பிவிசி டேப்பும், ரப்பரும், கேபிள் உறையும் தங்கள் சூட்டை ஏறக்குறைய முழுசாக வெளிக்காட்டும். அவற்றின் எமிசிவிட்டி 0.95 அளவு. பளபளக்கும் ஈயம் பூசிய லக் அல்லது செம்பு பஸ்பாரில் அது 0.1 அளவுதான். 95 டிகிரியில் கொதிக்கும் பளபளப்பான லக்கை 0.95 என்று வைத்த கேமராவால் பார்த்தால் திரையில் 35 டிகிரி அளவில்தான் காட்டும். மிச்சமெல்லாம் எதிரே இருக்கும் சுவரின், கதவின், பார்ப்பவரின் பிரதிபலிப்பு. அதனால் லக்கின் உலோகத்தை விட்டுவிட்டு, அதை ஒட்டியிருக்கும் கேபிள் ஸ்லீவின் முதல் அங்குலத்தில் அளக்க வேண்டும். கேமராவை ஓரடி பக்கவாட்டில் நகர்த்துங்கள். சூட்டுப் புள்ளியும் கூடவே நகர்ந்தால் அது பிரதிபலிப்பு, அங்கேயே நின்றால் உண்மை. முனைகளை மூடியிருக்கும் அக்ரிலிக் தகடு வழியாகவும் எதுவும் தெரியாது. கண்ணுக்கு அது கண்ணாடிபோல இருந்தாலும் கேமராவுக்கு அது ஒரு சுவர்.

இதற்காகச் சாயங்காலமே முன்னேற்பாடு தேவை. லைன் ஏற்றுவதற்கு முன் ஷட்டவுன் எடுத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, அக்ரிலிக்கைக் கழற்றி, ஒவ்வொரு லக்கிலும் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிட்டுக் கதவைப் பூட்டி எச்சரிக்கைப் பலகை மாட்டுங்கள். இரவு 2 மணிக்குக் கதவை மட்டும் திறந்தால் போதும். திறக்கிறவர் முகக் கவசமும் இன்சுலேட்டட் கையுறையும் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நிற்க வேண்டும். வேறு யாரும் அருகில் வேண்டாம். திறந்த உடனே படம் எடுங்கள், ஐந்து நிமிடத்தில் குளிர்காற்று உள்ளே போய் எண்களைக் குறைத்துவிடும். ஓடும் பேனலில் டேப் ஒட்டவோ எதையும் தொட்டுப் பார்க்கவோ யாரையும் விடாதீர்கள்.

பீர்மேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். டிரையர் ஃபீடரில் பி ஃபேஸ் முனை, 170 ஆம்பியரில் 91 டிகிரி. மற்ற இரண்டும் 52, 53. ஷட்டவுன் எடுத்து போல்ட்டை முறுக்கினேன். முக்கால் சுற்று உள்ளே போனது, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த இரவு 74. 'குறைந்திருக்கிறதே' என்று விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் 98க்கு வந்துவிட்டது. அது என் தவறு, அன்றே கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

கழற்றியபோது தெரிந்தது: அலுமினிய லக், பிரேக்கரின் செம்பு முனையில் நேராக உட்கார்ந்திருந்தது, நடுவில் இரண்டு உலோகத்தையும் சேர்த்து வைக்கும் பைமெட்டல் எதுவும் இல்லை. ஸ்பிரிங் வாஷர் இல்லை. லக்கை டை போட்டு அழுத்தாமல் சுத்தியலால் தட்டியிருந்தார்கள், உள்ளே கேபிள் இழைகள் ஆடின. அலுமினியம் மெத்தென்ற உலோகம். சூடேறும்போது செம்பைவிட அதிகமாக விரிந்து, போல்ட்டுக்கு அடியில் நசுங்கிக்கொள்ளும். ஆறும்போது இடைவெளி விழும். அந்த இடைவெளியில் ஆக்சைடு படியும், அலுமினிய ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. நான் போல்ட்டை முறுக்கியது நசுங்கிய லக்கை மேலும் நசுக்கியது, அவ்வளவுதான். கெட்ட கேபிள் நுனியை வெட்டிவிட்டு, இழைகளைத் தேய்த்து, ஜாயின்ட் பேஸ்ட் தடவி, பைமெட்டாலிக் லக்கை அறுகோண டையில் கிரிம்ப் செய்து, பிரேக்கர் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் இறுக்கினோம். பிறகு அதே 170 ஆம்பியரில் 54. உங்கள் ஒய் ஃபேஸைத் திறக்கும்போது போல்ட்டோடு நின்றுவிடாதீர்கள், கிரிம்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிரேக்கரின் உள் கான்டாக்ட் கெட்டிருந்தாலும் வெளி முனை சூடாகும். அப்படி என்றால் வெளியே தெரிவதைவிட உள்ளே இன்னும் சூடு அதிகம், பிரேக்கரையே மாற்ற வேண்டி வரும்.

ரிப்போர்ட்டில் வண்ணப் படத்தை மட்டும் ஒட்டிக் கொடுப்பது போதாது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து அதே இடத்தைக் கண்டுபிடித்து, அதே நிலையில் மறுபடி அளக்கும்படி இருக்க வேண்டும். உங்கள் ஃபீடருக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "மெயின் பேனல், சிடிசி ஃபீடர், 250 ஆம்பியர் பிரேக்கர், வெளி முனை, ஒய் ஃபேஸ். காலை 11 மணி. சுமை 80 ஆம்பியர், மதிப்பில் 32 சதவீதம், மூன்று ஃபேஸும் சமம். ஒய் 43, ஆர், பி 34, சுற்றுக் காற்று 27. எமிசிவிட்டி 0.95, கேபிள் ஸ்லீவில் அளந்தது, தூரம் 1 மீட்டர். உச்சச் சுமை 185 ஆம்பியர் என்று பணியாளர் தகவல். அப்போது எதிர்பார்க்கும் உயர்வு 61 முதல் 86 டிகிரி. சந்தேகம்: லக் அல்லது முனை இணைப்பு. கொழுந்துப் பருவம் தொடங்கும் முன் கழற்றிச் சரிசெய்யவும். அதுவரை இந்த ஃபீடரில் 100 ஆம்பியருக்கு மேல் ஏற்ற வேண்டாம். சரிசெய்த பின் 100 ஆம்பியருக்குக் குறையாத சுமையில் மறு படம்." அதோடு வெப்பப் படமும், அதே கோணத்தில் எடுத்த சாதாரண போட்டோவும் அருகருகே.

அந்த 100 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதே கணக்கில் 100 ஆம்பியருக்கு உயர்வு 23 முதல் 25 டிகிரி. காற்று 27 என்றால் முனை 52ஐத் தாண்டாது. பழுது பார்க்க நாள் கிடைக்கும்வரை ஓட்ட அது போதும். மறு படத்துக்கும் அதையே வைத்ததற்குக் காரணம், அது 250இல் சரியாக 40 சதவீதம்.

குறைந்த சுமையில் எடுத்த மற்ற ஃபீடர்களுக்கு எதிரே 'சரி' என்பதை அடித்துவிட்டு, 'சுமை போதவில்லை, மறுபடி பார்க்க வேண்டும்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல சர்வேயர் மறுக்கமாட்டார். மே மாதம் முதல் வாரத்தில் லைன் முழுசாக ஓடும் ஓர் இரவை இப்போதே குறித்து அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். ஒய் ஃபேஸ் வேலை மட்டும் அதற்குக் காத்திருக்க வேண்டாம். கொழுந்து குறைவாக இருக்கும் இந்த வாரத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுன் கிடைக்கும், அரை நாள் வேலைதான்.